வரப்பின் மேல் ஒரு கோடு

சக்திவேலுக்கு ஊரை மேலிருந்து பார்க்கத் தெரியும். அடி அண்ணாமலையில் எந்த ஓட்டு வீடு எந்தத் தென்னைமரத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, எந்தக் கொட்டகை போன வருஷம் மாடி வீடாக மாறியது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வேங்கிக்காலில் மனை பிரித்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் தனியார் அலுவலகம் ஒன்றில் அவனுக்கு வேலை. அங்கே கோடு போட்டுக் கை ஓய்ந்து வெளியே வருகிறவன் வீட்டுக்குப் போகலாம் அல்லவா? போகமாட்டான். டவுனுக்குப் பஸ் ஏறி, மொஹ்சினின் செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் மறுபடியும் கோடு போடுவான்.

அந்த வேலையின் மகிமை அப்படி. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து விடப்பட்ட வரைபடம் அது. ஒரு தனியார் கல்லூரியில் அதற்காக நடந்த பயிற்சியில்தான் இரண்டு பேரும் சிநேகிதமானார்கள். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு புத்திசாலித்தனமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

வரைபடத்தில் டவுன் நன்றாகவே இருந்தது. கோயில், லாட்ஜ், பஸ் ஸ்டாண்டு எல்லாம் இருந்தன. கிரிவலப் பாதையைத் தாண்டி உள்ளே போனால் வெறும் சாம்பல் நிறம். வீடு இல்லை, வழி இல்லை, ஆள் குடியிருக்கும் அடையாளமே இல்லை. சக்திவேலின் வீடும் அந்தச் சாம்பலுக்குள்தான் கிடந்தது. அது அவனுக்குப் பொறுக்கவில்லை. விடுபட்ட கட்டடங்களையும் நடைவழிகளையும் விண்ணிலிருந்து எடுத்த படத்தை வைத்து வரைந்து முடிப்பது என்று இருவரும் கங்கணம் கட்டிக்கொண்டார்கள்.

மொஹ்சின் இந்த விஷயத்தில் பெரிய சட்டாம்பிள்ளை. உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டே பின்னாலிருந்து மேற்பார்வை பார்ப்பான்.

"டேய் சக்தி, கூரையோட ஓரத்தப் புடிக்காத. படத்த சாய்வா எடுத்துக்கீறான். செவுரு தரையத் தொடுற எடத்தப் புடி. வரையறதுக்கு முன்னால படத்த நகத்தினியா? ஜிபிஎஸ்ல நடந்த கோட்டோட ரோடு பொருந்துதா பாரு."

"பொருந்துதுடா. எத்தினி வாட்டி கேப்ப?"

"வழிக்கு டேக் போடும்போது ஒழுங்கா போடு. வயல்ல போறது பாத். நடக்கறதுக்குன்னே சிமெண்ட் போட்டு வுட்டிருந்தா ஃபுட்வே. டிராக்டர் போச்சுன்னா டிராக். ஆளுக்கொரு பேரு வெச்சா மேப்பு நாறிப்பூடும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரே மாதிரி வழிக்கு ஒரே மாதிரி டேக், அதாவது வகைப்பெயர், இருந்தால்தான் வரைபடத்தை எடுத்துப் பயன்படுத்துகிற ஆப்புகளுக்கு அது புரியும். சக்திவேல் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். கிராமத்து வீடுகளை ஒவ்வொன்றாக வரைந்து முடித்து, கடைசியில் தன் வீட்டுக்கு வந்தான்.

அவன் வீடு கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே, ராமகிருஷ்ணனின் வயலுக்குப் பின்னால் இருந்தது. வயலின் வரப்பு மேல்தான் வீட்டுக்கு வழி. சக்திவேலின் அம்மா சந்திரகலா தினமும் விடியலில் இட்லிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்டினி வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த வரப்பில் நடந்துதான் ரோட்டோரத்துத் தள்ளுவண்டிக்குப் போவாள். புருஷன் செத்தபிறகு அந்த வண்டிதான் குடும்பத்தைக் கரைசேர்த்தது. வரப்பில் நடக்க யாரும் ராமகிருஷ்ணனிடம் அனுமதி கேட்டதில்லை. அவரும் நடக்காதே என்று சொன்னதில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான்.

படத்தில் வரப்பு மெலிசாக, வெளுப்பாகத் தெரிந்தது. சக்திவேல் அதன்மேல் கோடு போட்டான். வேப்பமரத்தடியில் சற்று வளைத்து, ரோட்டுக் கோட்டின் புள்ளியில் கச்சிதமாக ஒட்டினான். பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதாது, புள்ளியோடு புள்ளி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வழி தேடும் ஆப்புக்கு அது அந்தரத்தில் தொங்கும் கோடு. பாத் என்று டேக் போட்டான். யார் போகலாம், யார் போகக்கூடாது என்று ஒன்றும் போடவில்லை. ஒன்றும் போடாவிட்டால் எல்லோரும் போகலாம் என்றுதான் ஆப்புகள் எடுத்துக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியாமலா? தெரியும். வயல் வழிகள் அத்தனைக்கும் அப்படித்தானே போட்டிருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கால்வாய்க் கரையும் படத்தில் பளிச்சென்று தெரிந்தது. நீளமாகப் போய் வெளிவட்ட ரோட்டைத் தொட்டது.

"இதுல நடந்து பாத்துக்கீறியா?" என்று மொஹ்சின் கேட்டான்.

"சின்ன வயசுல கொஞ்ச தூரம். அப்பறம் முள்ளு. படத்துலதான் நல்லா தெரியுதேடா."

"கோடைல எடுத்த படம்டா அது. முள்ளு காஞ்சு கெடந்திருக்கும்."

"வழி வழிதானே!"

அந்தக் கோட்டையும் போட்டு, இந்தக் கோட்டோடு ஒட்டி, சேமித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அம்மாவிடம் போனைக் காட்டி, "பாரும்மா, உலகத்துலேர்ந்து எவன் பாத்தாலும் இப்ப நம்ம வூடு தெரியும்" என்றான்.

"எவன் வந்து இன்னா பண்ணப்போறான்?" என்றாள் சந்திரகலா.

சித்திரா பௌர்ணமிக்கு வந்தார்கள்.

அந்த நாளில் திருவண்ணாமலை எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வெளிவட்ட ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு. அங்கே இறங்குகிற ஜனம் வழக்கமாக ரோடு வழியாகவே சுற்றிக்கொண்டு கிரிவலப் பாதைக்கு வரும். இந்த முறை பக்தர்களுக்கென்றே புதிதாக ஓர் ஆப் வந்திருந்தது. செய்தவர்கள் யாரோ நல்லவர்கள்தான். காசு வாங்காமல், திறந்த வரைபடத்தை எடுத்து, நடக்கிறவர்களுக்குக் குறுக்கு வழி காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கால்வாய்க் கரை, கால்வாய்க் கரையிலிருந்து சக்திவேல் வீட்டு வாசல், வாசலிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து கிரிவலப் பாதை. மொத்தத் தூரத்தில் பாதி மிச்சம்!

முள்ளில் புடவை கிழிந்தவர்கள், குழந்தையைத் தோளில் சுமந்தவர்கள், அரோகரா போட்டவர்கள் எல்லோரும் வாசல் வழியாக வரிசையாகப் போனார்கள். வரப்பு இரண்டு கால் அகலம். கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? வயலுக்குள் இறங்கி நடந்தார்கள். ராமகிருஷ்ணன் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி நிலக்கடலை போட்டிருந்தார். விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். செடி மண்ணோடு மண்ணாகிவிட்டது.

சக்திவேல் ஓடிப்போய்க் கையை விரித்து நின்றான். "இது வழி இல்லீங்க, திரும்பிப் போங்க!"

ஒரு பெரியவர் பொறுமையாகப் போனை அவன் முகத்துக்கு நேரே காட்டினார். "இதுல போட்டுக்கீதே தம்பி. நீ இன்னா இல்லன்ற?"

போட்டிருந்தது. வேப்பமரத்தடியில் அவன் வளைத்த வளைவுகூட அப்படியே இருந்தது. சக்திவேல் தன் கையெழுத்தை அடுத்தவன் சட்டைப்பையில் பார்த்தவனைப் போல நின்றான். பெரியவர் அவனைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ராமகிருஷ்ணன் வயலில் உட்கார்ந்து, நசுங்கிய செடிகளைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தக்கூட இல்லை. சந்திரகலாதான் போய், "அண்ணா, எங்கேர்ந்து வந்துச்சுனே தெரில இந்தக் கும்பலு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை; அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற சக்திவேலுக்குத் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்காக அவன் பிறகு தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டது எத்தனையோ முறை.

அன்றைக்கே மொஹ்சின் கடைக்கு ஓடினான்.

"ரெண்டு கோட்டையும் அழிச்சுடறேன்டா."

"அழிச்சா?" என்றான் மொஹ்சின். "படத்துல தெரியுதில்ல? நாளைக்கு எங்கியோ உக்காந்துனு எவனாவது பாப்பான். அடடா, இங்க ஒரு வழி வுட்டுப்போச்சேனு திரும்பப் போடுவான். டேக் எதும் இல்லாம போடுவான். கதை திரும்ப மொதல்லேர்ந்து. கோடு இருக்கட்டும். பிரைவேட்னு போடு. நெலத்துக்காரரு வுட்டாதான் போலாம்னு அர்த்தம். ஆப்பு அந்தப் பக்கம் ஆள வுடாது."

இதுவும் சரிதான். வரைபடக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். அழிப்பதைவிடச் சரியாகக் குறிப்பதுதான் பாதுகாப்பு.

"சும்மா போட்டா வேற எவனாவது மாத்திடுவான். காரணம் எழுது. எப்டி தெரியும்னு எழுது" என்றான் மொஹ்சின். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே குறிப்பு எழுதுவது அவர்களுக்குப் பழக்கம். ஒழுங்கான ஆட்கள் எல்லோரும் எழுதுவார்கள்.

சக்திவேல் எழுதினான்: "வரப்பு வழி ராமகிருஷ்ணன் என்பவருடைய சொந்த நிலம். பொதுவழி அல்ல. அவர் அனுமதியுடன் மட்டுமே நடக்கலாம். ஆதாரம்: நேரில் அறிந்தது. நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன்."

வரப்பை அடைப்பதே பெரிதாகப் பட்டதால் கால்வாய்க் கரையை அவன் தொடவில்லை. சேமித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். சாயங்காலம் வரைபடத்தில் வரப்பின் கோடு, தனியார் வழி என்பதற்கு அடையாளமாக, வெளிறித் தெரிந்தது. அன்று இரவு சோறு இறங்கியது.

ஆனால் ஆப்புக்காரர்கள் வரைபடத்தைத் தினமும் எடுப்பவர்கள் அல்லர். ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டார்கள், அதிலேயே ஓட்டினார்கள். சக்திவேல் அவர்களுக்கு மெயில் அனுப்பினான். பதில் வருவதற்குள் வைகாசிப் பௌர்ணமி வந்துவிட்டது. கூட்டமும் வந்துவிட்டது. பழைய பிரதியில் வழி திறந்துதானே கிடந்தது.

இந்தத் தடவை ராமகிருஷ்ணன் கத்தினார். ஆனி பிறந்ததும் வயலைச் சுற்றி ஹாலோ பிளாக் கல் இறங்கியது. வரப்பின் தலைமாட்டிலும் சுவர் எழும்பியது. சந்திரகலா பானையோடு போய் நின்றாள்.

"அண்ணா, நான் எப்டி போறது?"

"நானா ஒன்ன நிறுத்தறேன்? ஊரே என் வயல்ல நடக்குது, நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒரு கேட்டாவது வெச்சி வுடுங்கண்ணா."

"கேட்டு வெச்சா வழினு ஆயிடும்னு பையன் சொல்றான்" என்றார் ராமகிருஷ்ணன். பையன் அறிவுச்செல்வன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். விவரமான பிள்ளை. அவன் பேச்சை அப்பா தட்டுவதில்லை.

சந்திரகலா முள்ளை வெட்டிக்கொண்டு கால்வாய்க் கரையில் நடக்கப் பார்த்தாள். முதல் மழையிலேயே சறுக்கி விழுந்து, பானை உருண்டு, முழங்கால் வீங்கிப்போயிற்று. அன்றோடு தள்ளுவண்டி ரோட்டோரத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. சக்திவேல் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தான்.

வக்கீல் தெம்பாகத்தான் பேசினார். "இருபது வருஷத்துக்கு மேல நடந்திருக்கீங்க. யாரையும் கேட்டு நடக்கல, உங்க வழியாத்தான் நடந்திருக்கீங்க. அது போதும், உரிமை வந்துடும். அனுமதி வாங்கி நடந்திருந்தாதான் வராது. வேற வழியும் இல்லேன்றீங்க. கேஸ் நிக்கும்." நோட்டீஸ் போனது. எதிர்த்தரப்பு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்றது. சந்திரகலா நல்ல புடவை கட்டிக்கொண்டு, விந்தி விந்தி வக்கீல் அலுவலகத்துக்கு வந்தாள்.

அறிவுச்செல்வன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு லேப்டாப்போடு வந்திருந்தான். சக்திவேலைப் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன்.

"சார், இந்த ஆப்புக்கு இந்த வழி எங்கேர்ந்து கெடச்சுதுனு தேடிப் பாத்தேன்" என்று ஆரம்பித்தான். வரைபடத்தைத் திறந்தான். கோட்டைத் தொட்டான். அதன் வரலாறு வந்தது. எந்தக் கோட்டை யார் போட்டார், எப்போது போட்டார், எப்போது மாற்றினார், என்ன எழுதினார் என்று எல்லாம் அந்த வரைபடத்தில் இருக்கும். யாரும் அழிக்க முடியாது. சக்திவேலுக்கு அதில் அத்தனை பெருமை இருந்தது ஒரு காலத்தில்!

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "சொந்த நிலம். பொதுவழி அல்ல. அவர் அனுமதியுடன் மட்டுமே நடக்கலாம். நேரில் அறிந்தது. நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேன்." கண்ணாடியைக் கழற்றினார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்" என்றான் சக்திவேல். "கூட்டம் வராம இருக்கறதுக்காக எழுதினேன். அது வேற அர்த்தத்துல..."

"இதுல வேற அர்த்தம் இன்னா இருக்குது?" என்றான் அறிவுச்செல்வன். குரலில் கோபம்கூட இல்லை. "அனுமதியோட நடந்தேன்னு நீயே எழுதிக்கீற. எங்கப்பா சொல்றதும் அதத்தான்."

"நாங்க யாரு கிட்டயும் அனுமதி கேட்டதே இல்ல!"

"அப்ப பொய் எழுதினியா?"

சக்திவேல் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் மேசையைப் பார்த்தார். அறிவுச்செல்வன் திரையை நகர்த்தி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கோட்டைக் காட்டினான்.

"வேற வழி இல்லேனு நோட்டீஸ்ல போட்டுக்கீறீங்க. கால்வாய்க் கரை மேல வழி இருக்குதுனு உங்க கட்சிக்காரரே வரைஞ்சு வெச்சிருக்காரு. வீட்டு வாசல் வரைக்கும் வருது."

"அதுல நடக்க முடியாது சார். முள்ளு. எங்கம்மா வுழுந்துட்டாங்க."

"நடக்க முடியாதுன்னா எதுக்கு வழினு போட்ட?"

படத்தில் பளிச்சென்று தெரிந்ததால் போட்டான். அதை எப்படிச் சொல்வது? சந்திரகலா மகனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதில் இருந்த கோடுகள் புரியவில்லை. மகன் தலை குனிந்தது புரிந்தது.

"அந்தக் கும்பல வரவெச்சது நீயாடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் தலையாட்டினான். அவள் எழுந்து, ராமகிருஷ்ணன் பக்கம் திரும்பி, "செடிக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்ணா" என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடு சக்திவேலைச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

அப்பாவும் மகனும் போனதும் வக்கீல் சக்திவேலைத் தனியாகக் கூப்பிட்டார். "இது மட்டும் வெச்சே தீர்ப்பு எழுதிட மாட்டாங்க தம்பி. ஆனா உன்னைக் கூண்டுல ஏத்தி இதப் படிச்சா நீ இன்னா சொல்வ? வருஷக்கணக்கா இழுக்கும். யோசிச்சுக்க."

மொஹ்சின் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நான்தான்டா எழுதச் சொன்னேன்" என்றான். சக்திவேலுக்கு அவனைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அவன் சொன்னதில் ஒன்றாவது தப்பா? எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

வழியில்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பது? விற்றுவிட்டு வேங்கிக்காலில் வாடகைக்குப் போகலாம் என்று சந்திரகலாவே சொன்னாள். வழியில்லாத வீட்டை, வழியைக் கையில் வைத்திருப்பவரைத் தவிர வேறு யார் வாங்குவார்கள்? ராமகிருஷ்ணன் வாங்கினார். பேரம் பேசும் நிலையில் இவர்கள் இல்லை. அவரும் அதிகம் அடித்துப் பேசவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்தான். பதிவு முடிந்த அன்று சக்திவேல் வரைபடத்தில் வரப்பின் கோட்டை அழித்து, சுவரைப் போட்டான். தரையில் இருப்பதுதான் படத்தில் இருக்க வேண்டும். குறிப்பில் "சுவர் கட்டப்பட்டது" என்று மட்டும் எழுதினான்.

தை மாதத்தில் அறிவுச்செல்வன் போன் பண்ணினான்.

"சக்தி, நல்லா இருக்கியா? ஒரு ஒதவி. உங்க... அந்த வீட்ட இடிக்காம அப்படியே ரூம் ரூமா தடுத்துட்டோம். பௌர்ணமிக்கு வர்றவங்க தங்கறதுக்கு. சுவத்துல கேட்டு வெச்சு, வரப்பு மேல கல்லு பதிச்சிருக்கோம். அந்த மேப்புல வழி இல்லாததால ஆளுங்க கண்டுபுடிக்க முடியாம சுத்துறாங்க. நீதான் அதுல எக்ஸ்பர்ட்டு. போட்டுக் குடேன்."

சக்திவேல் போனை வைத்தான். போடாமல் விடலாம். விட்டால் அறிவுச்செல்வனே போடுவான், இல்லை வேறு எவனாவது போடுவான். தப்பாகப் போட்டால் மறுபடியும் ஊரே அதில் நடக்கும். சரியாகப் போடத் தெரிந்தவன் தான்தானே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தான். வீட்டை விடுதி என்று மாற்றினான். சுவரில் கேட் புள்ளி வைத்தான். கல் பதித்து நடப்பதற்கென்றே விட்ட வழி, ஆகவே ஃபுட்வே. வேப்பமரத்தடியில் வளைத்து, ரோட்டுப் புள்ளியில் ஒட்டினான். யார் போகலாம் என்ற இடத்தில் கஸ்டமர்ஸ் என்று போட்டான். அப்படியும் ஒரு டேக் இருக்கிறது.

சந்திரகலா அடுத்த பௌர்ணமிக்கு இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் வேங்கிக்காலிலிருந்து ஆட்டோவில் பாத்திரங்களை ஏற்றிப் போய், அதே ரோட்டோரத்தில் கடை போடுகிறாள். எட்டிப் பார்த்துத் திரையில் இருந்த வீட்டை அடையாளம் கண்டுகொண்டாள். வழியையும் பார்த்தாள்.

"தொறந்துட்டாங்களா?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. கடைக்குத் தண்ணி இல்லாம ரொம்பக் கஷ்டமா கீது. அந்த வழியாப் போய் நம்ம குழாய்ல ரெண்டு கொடம் புடிச்சாந்துக்கலாமா?"

"ரூம் எடுத்தவங்க மட்டுந்தாம்மா போலாம்" என்றான் சக்திவேல்.